மாய்ஸ்சர் மீட்டருக்குள் ஒழுகிய ஆல்கலைன் செல்: சுத்தம் செய்ததும் கண்டதும்

காப்பிக் கொட்டையின் ஈரப்பதம் பார்க்கிற கையடக்க மீட்டர் ஒன்று சேலத்தில் என் மேசைக்கு ரிப்பேருக்கு வந்தது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சின்னத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவருடையது. நான்கு பென்சில் செல் போடும் ரகம். உள்தோலை உரிக்காமல் காயவைத்த பார்ச்மென்ட் கொட்டை சுமார் 10 சதவீத ஈரத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் அவருக்கு இது தேவை. குளிர்காலத்தில் அறுவடை முடிந்து கொட்டை காயும்வரை தினமும் கையில் இருக்கும். அப்புறம் அடுத்த சீசன் வரை ஸ்டோர் ரூம் அலமாரிதான் அதற்கு இடம்.

"போன சீசன் நல்லாத்தான் காட்டுச்சு தம்பி. அப்படியே எடுத்து வெச்சதுதான். இப்ப ஆனே ஆக மாட்டேங்குது" என்றார்.

பேட்டரி மூடியைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. நான்கில் ஒரு செல்லின் மைனஸ் முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஸ்பிரிங் முழுக்க அந்த வெள்ளை, அடியில் கொஞ்சம் பச்சை. மற்ற மூன்றும் துடைத்து வைத்த மாதிரி சுத்தம். செல் ஒழுகிய சாதனங்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், ஒன்று மட்டும் ஒழுகியிருக்கும். நான்கும் ஒரே குழிவரிசையில், ஒரே ஈரத்தில், ஒரே சூட்டில் இருந்தவை. அப்படியிருக்க ஒன்று மட்டும் ஏன் ஒழுக வேண்டும்? அதைத் தேடினால்தான் கோளாறின் வேர் கிடைக்கும். தேடாமல் சுத்தம் மட்டும் செய்து கொடுத்தால் அடுத்த வருடமும் இதே மீட்டர் இதே மேசைக்கு வரும்.

முதலில் செல்லின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்தேன். நம் ஊர்ப் பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவான செல்களில் பெரும்பாலானவை ஆல்கலைன் அல்ல, சிங்க்-கார்பன். ஆங்கில எழுத்தில் ஆர்6 என்று மட்டும் இருந்தால் சிங்க்-கார்பன். எல்ஆர்6 என்று முன்னால் எல் சேர்ந்திருந்தால் ஆல்கலைன். இரண்டும் ஒழுகும். ஆனால் ஒழுகும் விதம் வேறு, வெளியே வருவதும் வேறு. சிங்க்-கார்பனில் வெளிக்கூடே துத்தநாகம். செல் வேலை செய்யச் செய்ய அந்தக் கூடு கரைந்து, கடைசியில் ஓட்டை விழுந்து, அமிலத் தன்மையுள்ள கூழ் கசியும். ஆல்கலைனில் வெளிக்கூடு இரும்பு, அது கரைவதில்லை. துத்தநாகம் தூளாக, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறிய ஜெல்லாக நடுவில் இருக்கும். அங்கிருந்து வருவது கடுமையான காரம். எது ஒழுகியது என்று தெரியாமல் வினிகரை எடுத்துக்கொண்டு உட்காருவது தவறு. சிங்க்-கார்பன் கசிவின் மேல் வினிகர் விடுவது அமிலத்தின் மேல் அமிலம் ஊற்றுவதுதான். அதற்குச் சமையல் சோடாதான் சரி.

லேபிள் அழிந்துபோன செல்லாக இருந்தால் மஞ்சள் இருக்கவே இருக்கிறது. ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் எப்படிச் சிவக்கிறதோ, அதே வேதியியல்தான் இங்கேயும். கொஞ்சம் மஞ்சள் தூளை ஸ்பிரிட்டில் கரைத்து, வடிதாளில் தடவிக் காயவைத்து, துண்டு துண்டாக வெட்டி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். ஈர இயர்பட்டால் அந்த வெள்ளைப் பொடியைத் தொட்டு, தாளில் ஒற்றினேன். ஒற்றிய இடம் உடனே செங்கல் நிறமானது. காரம் என்பதில் சந்தேகமில்லை. சாதனத்தின் மேலேயே மஞ்சளைத் தடவிவிடாதீர்கள், பிளாஸ்டிக்கில் ஏறிய கறை போகாது.

அந்த வெள்ளைப் பொடி நேரடியாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அல்ல. வெளியே வந்த ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கார்பனேட்டாக மாறியிருக்கும்:

2KOH + CO₂ → K₂CO₃ + H₂O

கார்பனேட் கொஞ்சம் சாது, ஆனாலும் காரம்தான். அதைவிட முக்கியம், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரையும் குணம் உள்ளது. சேலத்துக் கோடையில் ஒழுகிய ரிமோட்டைத் திறந்தால் காய்ந்த பொடி உதிரும். பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும் ஏற்காட்டுச் சாதனங்களில் அதே பொருள் பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும். ஈரமானால் நகரும், மின்சாரத்தையும் கடத்தும். இந்த மீட்டரில் சேதம் ஸ்பிரிங்கோடு நிற்காமல் உள்ளே போர்டு வரை போனதற்கு மலை ஈரமும் ஒரு காரணம்.

அடுத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செல்களை எடுத்து ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் பார்த்தேன். சுத்தமாக இருந்த மூன்றும் 1.28 வோல்ட்டை ஒட்டி. ஒழுகிய செல் 0.14. மூன்றின் காலாவதி மாதமும் ஒன்றே. ஒழுகியதில் இருந்தது வேறு கம்பெனி பெயர், வேறு வருடம். பெரியவருக்கு போன் போட்டேன்.

"ஐயா, இதுல ஒரு செல்லை மட்டும் எப்பவாச்சும் மாத்துனீங்களா?"

"அட ஆமா. கூடத்துக் கடிகாரம் நின்னுபோச்சுன்னு இதுலருந்து ஒண்ணை எடுத்துப் போட்டாங்க. அதுல இருந்ததை இதுல வெச்சாங்க. ஏன் தம்பி, அதுவா காரணம்?"

அதேதான். கடிகாரம் நின்ற பிறகு கழற்றிய செல் என்றால் அதில் மிச்சம் சொற்பம். ஆனால் சும்மா அலமாரியில் கிடந்த மீட்டருக்குள் இருந்து அது எப்படிக் கெட்டது என்று கேட்கலாம். மீட்டர் ஆஃப் செய்தாலும் முழுசாக ஆஃப் ஆகாத வகை. தட்டினால் ஆன் ஆகும் மென்பொத்தான். அந்தத் தட்டலுக்காக உள்ளே ஒரு சிப் எப்போதும் பாதி விழித்தபடி இருக்கும். பெஞ்ச் சப்ளையில் 5 வோல்ட் கொடுத்து, மல்டிமீட்டரை மைக்ரோஆம்பியர் வரிசையில் தொடராக வைத்துப் பார்த்தேன். ஆஃப் நிலையில் 60 மைக்ரோஆம்பியரை ஒட்டி ஓடியது.

கேட்கக் கொஞ்சம்தான். ஒன்பது மாதம் என்பது சுமார் 6,480 மணி நேரம். அதை 0.06 மில்லிஆம்பியரால் பெருக்கினால் 390 மில்லிஆம்பியர்-மணிக்குக் கொஞ்சம் குறைவு. இப்படி மெதுவாகக் குடிக்கும் சாதனத்தில் புது ஆல்கலைன் பென்சில் செல் சுமார் 2,500 மில்லிஆம்பியர்-மணி வரை தரும். மூன்று நல்ல செல்களுக்கு இது ஆறில் ஒரு பங்குச் செலவு, தாங்கிவிடும். கடிகாரத்திலிருந்து வந்ததில் மிச்சம் 200 இருந்தது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பாதி வழியில் அது காலி. மிச்சம் 190 மில்லிஆம்பியர்-மணியை என்ன செய்வது?

தொடர் இணைப்பில் எல்லாச் செல்லிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடியாக வேண்டும். ஒன்று தீர்ந்துவிட்டது என்பதற்காக மற்ற மூன்றும் நிற்காது. தங்கள் மின்னோட்டத்தை அதன் வழியாகவே தள்ளும். தீர்ந்த செல்லின் வோல்ட்டேஜ் பூஜ்யத்துக்கு வந்து, அதையும் தாண்டி மைனஸுக்குப் போகும். உள்ளே எதிர்வினைக்கு மாங்கனீஸ் டை ஆக்சைடு மிச்சமில்லாததால், தள்ளப்படும் மின்சாரம் அங்கிருக்கும் தண்ணீரைப் பிரிக்க ஆரம்பிக்கும். ஹைட்ரஜன் வரும். ஒரு மில்லிஆம்பியர்-மணிக்கு அரை மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவான வாயு. 190-க்கு 85 மில்லிலிட்டர். பென்சில் செல்லின் மொத்தக் கொள்ளளவே 8 மில்லிலிட்டர்தான், அதுவும் வெற்றிடம் அல்ல, உள்ளே அடைத்து வைத்திருக்கும் பொருளோடு சேர்த்து. அந்த 85-ம் உள்ளே நிற்க வழியே இல்லை.

எங்கே வெளியேறும் என்பது செல்லின் கட்டமைப்பிலேயே முடிவான விஷயம். பயன்படுத்தி முடித்த ஒரு செல்லை முன்பு பைப் கட்டரால் வெட்டிப் பார்த்திருக்கிறேன். நீங்கள் செய்ய வேண்டாம், உள்ளே இருப்பது கண்ணுக்கு ஆகாது. பிளஸ் முனை தனித் துண்டு அல்ல, இரும்புக் கூட்டோடு ஒரே தகடாக அழுத்தி எடுத்தது. அங்கே இணைப்பே இல்லை, ஒழுக இடமும் இல்லை. மைனஸ் பக்கம்தான் வாய். அந்த வாயில் ஒரு நைலான் வட்டு. நடுவே பித்தளை ஊசி ஒன்று துத்தநாக ஜெல்லுக்குள் இறங்கும். வெளியே ஒரு தகட்டு மூடி. கூட்டின் விளிம்பை மடித்து எல்லாவற்றையும் இறுக்கியிருப்பார்கள். அந்த நைலான் வட்டைச் சுற்றி ஓரிடத்தில் மட்டும் வேண்டுமென்றே மெல்லிசாக ஒரு பள்ளம் விட்டிருக்கும். குக்கரின் சேஃப்டி வால்வு மாதிரி, அழுத்தம் எல்லை மீறினால் அது கிழிய வேண்டும் என்பதற்காகவே வைத்தது. கிழியாவிட்டால் இரும்புக் கூடே வெடிக்கும். கிழிந்தால் வாயுவோடு காரமும் வரும். ஆக, செல் ஒழுகுவது என்பது பல சமயம் அதன் பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்ததற்கான அடையாளம். நம் மீட்டருக்கு அதில் ஆறுதல் ஒன்றுமில்லை.

சரி, கலந்து போடாமல் நான்கும் புதிதாகப் போட்டால் ஒழுகாதா? அப்போதும் ஒழுகும், நேரம் மட்டும் அதிகமாகும். துத்தநாகத்துக்கும் கார நீருக்கும் இயல்பிலேயே ஒத்துவராது. சாதனம் எதுவும் இணைக்காமல் சும்மா வைத்திருந்தாலும் துத்தநாகம் மெதுவாகத் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விட்டுக்கொண்டே இருக்கும்:

Zn + H₂O → ZnO + H₂

ஒரு பென்சில் செல்லில் சுமார் 4 கிராம் துத்தநாகம் உண்டு. அதில் நூறில் ஒரு பங்கு, 0.04 கிராம், இப்படிப் போனாலே 15 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் வரும். செல்லின் கொள்ளளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் செல் தயாரிப்பின் பெரிய சாமர்த்தியமே இந்த வினையை அடக்கி வைப்பதில் இருக்கிறது. ஒரு காலத்தில் துத்தநாகத்தோடு பாதரசம் சேர்த்தார்கள், வாயு வெகுவாக அடங்கியது. சுற்றுச்சூழல் காரணத்துக்காக 1990-களில் அதைக் கைவிட்டார்கள். அமெரிக்காவில் 1996-ல் சட்டமே வந்தது. இப்போது பிஸ்மத், இண்டியம் போன்றவற்றைக் கொஞ்சம் கலக்கிறார்கள், இரும்பு போன்ற மாசு துளியும் இல்லாத துத்தநாகம் வாங்குகிறார்கள். வரும் சொற்ப ஹைட்ரஜனில் ஒரு பகுதி நைலான் வழியாகவே மெல்ல ஊடுருவி வெளியே போய்விடும். வருவதும் போவதும் சமமாக இருக்கும்வரை செல் அமைதியாக இருக்கும்.

அந்தச் சமநிலையைக் குலைப்பவை மூன்று. ஒன்று, மேலே சொன்னபடி தீர்ந்த செல் வழியாக மற்ற செல்கள் மின்னோட்டத்தைத் தள்ளுவது. இன்னொன்று, பாதி தீர்ந்த நிலை: கொஞ்சம் வேலை செய்த செல்லில் துத்தநாகத்தின் மேற்பரப்பு மாறிப்போவதால், புதுச் செல்லைவிட அது அதிகம் வாயு விடும். தீர்ந்த செல்லைச் சாதனத்திலேயே விட்டால் ஒழுகுவதும், அதே பாக்கெட்டில் தொடாமல் கிடக்கும் செல் நன்றாக இருப்பதும் இதனால்தான். மூன்றாவது சூடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அழுத்தமே இல்லாமல் ஊர்ந்து வரும் கசிவும் உண்டு. மைனஸ் முனையின் உலோகத்தின் மேல் காரக் கரைசல் ஒரு மெல்லிய படலமாகப் பரவும். படலத்தின் முன்விளிம்பில், மைனஸ் மின்னூட்டம் உள்ள உலோகத்தில், காற்றிலுள்ள ஆக்சிஜன் வினைபுரிந்து அங்கேயே புதிதாக ஹைட்ராக்சைடு அயனிகளை உண்டாக்கும். அங்கே காரம் கூடுவதால் பின்னாலிருந்து தண்ணீர் இழுபடும், விளிம்பு இன்னும் கொஞ்சம் முன்னேறும். புவியீர்ப்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை, மேல்நோக்கியும் ஏறும். பிளஸ் பக்கத்தில் இது நடப்பதில்லை.

இதைக் கண்ணால் பார்க்க இந்த மீட்டரில் வாய்ப்புக் கிடைத்தது. ஸ்பிரிங்கிலிருந்து போர்டுக்குப் போகும் கறுப்பு ஒயர் வெளியே பார்க்கப் புதிதுபோலவே இருந்தது. உறையைச் சீவினால் உள்ளே செம்புக் கம்பிகள் கறுத்து, ஒரு விரற்கடை தூரத்துக்கு மேல் கருப்பாகவே போனது. காரம் உறைக்கு உள்ளேயே கம்பியோடு ஊர்ந்து போயிருந்தது. சிவப்பு ஒயரைச் சீவினேன், பளபளவென்ற செம்பு. கறுத்த கம்பியில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. நுனியை மட்டும் வெட்டி ஒட்டப் பார்ப்பது வீண் வேலை, அந்த ஒயரை முழுசாக மாற்றிவிடுவதுதான் வழி.

சுத்தம் செய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த பொடியை முதலில் பழைய டூத் பிரஷ்ஷால் கவிழ்த்துப் பிடித்துத் தட்டி, ஈரத் தாளில் விழவைத்தேன். வாயால் ஊதக் கூடாது, கண்ணுக்குள் போனால் ஆபத்து. அடுத்து இயர்பட்டை வெள்ளை வினிகரில் நனைத்துப் பிழிந்து, ஸ்பிரிங்கைத் தொட்டேன். கார்பனேட் நுரைத்தது. நுரை நிற்கும்வரை இயர்பட்டை மாற்றி மாற்றித் துடைத்தேன். நுரை நின்றதை மட்டும் நம்புவதில்லை; மறுபடி மஞ்சள் தாளில் ஒற்றிப் பார்ப்பேன். முதலில் இளஞ்சிவப்பு வந்தது. ஸ்பிரிங்கின் அடிச் சுற்றில், பிளாஸ்டிக் பள்ளத்தில் இன்னும் இருந்தது. அதையும் எடுத்த பிறகுதான் தாள் மஞ்சளாகவே நின்றது. வினிகரைப் போர்டின் மேல் ஊற்றக் கூடாது. மிச்சமிருக்கும் வினிகரும் செம்பைத் தின்னும் என்பதால், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த இயர்பட்டால் துடைத்து, கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டேன். கசிவு கையில் பட்டு வழவழவென்று இருந்தால் அது தோலின் கொழுப்பே சோப்பாக மாறுவது. உடனே குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். தோலுக்கு வினிகர் வேண்டாம். கண்ணில் பட்டால் குறைந்தது கால் மணி நேரம் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

போர்டில் மைனஸ் ஒயர் வந்து சேரும் இடத்தில் பச்சைப் பூச்சு உப்பியிருந்தது. அதைச் சுரண்டினால் கீழே செம்புத் தடம் பாதி அரித்திருந்தது. ஃபைபர் பேனாவால் பளிச்சென்று ஆகும்வரை தேய்த்து, ஃபிளக்ஸ் வைத்து ஈயம் பூசி, அரித்த பகுதியைத் தாண்டி மெல்லிய கம்பி ஒன்றைப் பாலமாக ஒட்டினேன். மீட்டர் ஆன் ஆனது.

ஆனால் வேலை முடியவில்லை. பெரியவர் கொடுத்தனுப்பிய கொட்டையைப் போட்டுப் பார்த்தால் 13-க்கு மேல் காட்டியது. அதே கொட்டையை, தெரிந்த வியாபாரி ஒருவரின் மீட்டரில் பார்த்தபோது 10.6. இத்தகைய மீட்டர்களில் சென்சார் பக்கத்துச் சர்க்யூட் மிக நுண்ணிய சிக்னலைப் பார்ப்பது. போர்டில் எங்காவது ஈரமான கார்பனேட் படலம் மிச்சமிருந்தால் அதன் வழியாகக் கசியும் மின்சாரத்தையும் சேர்த்து ஈரம் என்று எண்ணிக்கொள்ளும். பூதக்கண்ணாடியில் தேடினேன். பேட்டரிப் பெட்டிக்கு முதுகுப்பக்கமாக இருந்த ஒரு சிப்பின் கால்களுக்கு நடுவே லேசான மங்கல் தெரிந்தது. ஆல்கஹால் கார்பனேட்டைக் கரைக்காது. இதற்குத் தண்ணீர்தான் வேண்டும். காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, தாளால் உறிஞ்சி, அப்புறம் ஆல்கஹால் விட்டு, மிதமான சூட்டுக் காற்றில் காயவைத்தேன். மறுபடி பார்த்தபோது 10.8 காட்டியது. அவர் தொழிலுக்கு இந்த வித்தியாசம் பரவாயில்லை. இதைப் பார்க்காமல் ஆன் ஆகிவிட்டதே என்று திருப்பிக் கொடுத்திருந்தால், காய்ந்த கொட்டையை இன்னும் காயவில்லை என்று நினைத்து வெயிலில் போட்டு எடையை இழந்திருப்பார்.

இனி சூட்டுக்கு வருகிறேன். திருப்பிக் கொடுக்கும்போது பெரியவர் கேட்டார்: "நான் மொத்தமா ஒரு பெட்டி செல் வாங்கி வெச்சிருக்கேன் தம்பி. சேலத்துல மக வீட்டுப் பரண்ல பாதி கிடக்கு. ஃப்ரிட்ஜ்ல வெச்சா நல்லா இருக்கும்னு சொல்றாங்களே?"

பாக்கெட்டில் போட்டிருக்கும் பத்து வருடக் கணக்கு சுமார் 20 டிகிரியில் வைத்திருப்பதாக வைத்துச் சொல்வது. அந்தச் சூட்டில் நல்ல ஆல்கலைன் செல் வருடத்துக்கு 2 முதல் 3 சதவீதம் கொள்ளளவை இழக்கும். இப்படிப்பட்ட வேதிவினைகளின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தோராயமான கணக்கு. சேலத்தில் சித்திரை, வைகாசியில் வெளியிலேயே 40-ஐத் தொடும். தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரணில் அதற்கும் மேல். 40-இல் கிடக்கும் நாட்களில் நான்கு மடங்கு வேகத்தில் செல் தேய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இழக்கும் கொள்ளளவு எல்லாமே வாயுவாக மாறுவதில்லை. ஆனாலும் வாயு வரும் வேகமும் கூடவே ஏறும், நைலானும் நெகிழும். பகலில் சூடாகி இரவில் ஆறுவது தொடர்ந்தால் நைலானும் இரும்பும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கி, மடிப்பின் இறுக்கம் தளரும். நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கிடக்கும் டார்ச்சுக்கும் இதே கதிதான்.

அதற்காக ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்றேன். சேமிப்பது வருடத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம். அதற்குப் பதிலாக, வெளியே எடுக்கும்போதெல்லாம் குளிர்ந்த உலோகத்தில் நீர் முத்து முத்தாகப் படியும். மடிப்பு விளிம்பில் துரு பிடிக்கும், மைனஸ் முனையில் ஊர்ந்து வரத் தயாராக இருக்கும் காரத்துக்கு அந்த ஈரமே பாதை போடும். செல்களுக்கு 10 முதல் 25 டிகிரியும் உலர்ந்த காற்றும்தான் தோது. வேடிக்கை என்னவென்றால், நம் பக்கத்தில் இந்த இரண்டும் ஒரே ஊரில் கிடைப்பதில்லை. ஏற்காட்டில் குளிர்ச்சி உண்டு, உலர்வு கிடையாது. சேலத்தில் உலர்வு உண்டு, குளிர்ச்சி கிடையாது.

ஈரத்தை ஒரு டப்பாவால் தடுத்துவிடலாம், சூட்டை அப்படித் தடுக்க முடியாது. அதனால் பரணில் கிடந்ததையெல்லாம் மலைக்கே எடுத்துப் போகச் சொன்னேன். பாக்கெட்டைப் பிரிக்காமல், இறுக்க மூடும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. நிறம் மாறும் ஜெல்லாக இருந்தால் எப்போது வாணலியில் வறுத்துத் திரும்பப் போட வேண்டும் என்பதும் தெரியும். சேலத்திலேயே வைக்க வேண்டியவர்கள் மேற்குச் சுவர் இல்லாத உள்ளறையில், தரையை ஒட்டிய தட்டில் வைத்தால் போதும்.

மீட்டருக்கு என்ன போடுவது என்பதையும் பார்த்தேன். பெஞ்ச் சப்ளையை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்தபோது 4.2 வோல்ட்டில்தான் பேட்டரி குறைவு அடையாளம் வந்தது. அப்படியானால் சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லும் போதும், ஒன்றுக்கு 1.2 வீதம் 4.8 வருகிறது. அதற்குள்ளும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுதான். ஆனால் உள்ளே உண்டாகும் வாயு திரும்பவும் சேர்ந்துகொள்ளும்படி அதை வடிவமைத்திருப்பதால் கசிவது அபூர்வம். லித்தியம் பென்சில் செல் இன்னும் பாதுகாப்பு. புதிதாக இருக்கும்போது ஒன்று 1.8 வரை காட்டும் என்பதால் நான்குக்கு 7 வோல்ட்டைத் தாண்டும். இந்தப் போர்டு அதைத் தாங்குமா என்பதற்கு மேனுவலில் விவரம் இல்லாததால் வேண்டாம் என்றேன். பெரியவர் ஆல்கலைனே போதும் என்றார். எதைப் போட்டாலும் சீசன் முடிந்த அன்றே நான்கையும் கழற்றி வைப்பது, மாற்றினால் நான்கையும் ஒரே பாக்கெட்டிலிருந்து மாற்றுவது என்று மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிக் கொடுத்தேன்.

கழற்றிய செல் நல்லதா என்று பார்க்க அவர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாம்: தரையில் செங்குத்தாகப் போடுவார்கள், துள்ளினால் தீர்ந்தது என்று கணக்கு. துள்ளுவது உண்மைதான். புதிதில் ஜெல்லாக இருக்கும் துத்தநாகம் ஆக்சைடாகி இறுகுவதால் துள்ளுகிறது. ஆனால் கிட்டத்தட்ட பாதி தீரும்போதே நன்றாகத் துள்ள ஆரம்பித்துவிடும், அதற்கப்புறம் எவ்வளவு தீர்ந்தாலும் ஒரே துள்ளல்தான். துள்ளாத செல் நல்ல செல் என்று சொல்லலாம். துள்ளுகிற செல்லில் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. மல்டிமீட்டரில் 1.3-க்குக் கீழே போனதை மாதக்கணக்கில் வைத்திருக்கும் எதிலும் போட வேண்டாம். கையில் பிடித்து உபயோகிக்கும் டார்ச்சில் போட்டுத் தீர்த்துவிடலாம். அதிலும் அலுமினிய டார்ச் என்றால் கவனம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அலுமினியத்தைக் கரைத்து அதிலிருந்தும் ஹைட்ரஜனை வரவழைக்கும். உப்பிய செல் குழாய்க்குள் சிக்கிக்கொண்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

மீட்டரில் ஒன்று மட்டும் தற்காலிகமாகத்தான் செய்திருக்கிறேன். அரித்த ஸ்பிரிங்கின் நிக்கல் பூச்சு போய்விட்டது, தேய்த்ததில் இரும்பு தெரிந்தது. அதன் மேல் ஈயம் பூசி வைத்திருக்கிறேன். ஈயம் மெத்தென்று இருப்பதால், செல்லைக் கழற்றி மாட்டக் கழற்றி மாட்டத் தேயும், ஏற்காட்டு ஈரத்தில் இரும்பு மறுபடி துருப்பிடிக்கும். அதே அளவு ஸ்பிரிங் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் காப்பி பறிப்பதற்கு முன் ஒருதரம் மீட்டரைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.